கரண்ட் போனாலும் பேசி முடித்த கதை

போன டிசம்பரில், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் “தானே” புயலைப் பற்றி அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்தான் கேட்க வரப்போகிறார்கள். ஸ்லைடுகளை கூகுள் ஸ்லைட்ஸில் செய்து வைத்திருந்தேன், மொத்தம் 22. மண்டபத்தில் வைஃபை இல்லை, போன் சிக்னலும் சரியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

டவுன்லோட் செய்து பென் டிரைவில் போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் முன்னால், சும்மா பார்ப்போமே என்று லேப்டாப்பை ஏரோபிளேன் மோடில் போட்டு, டவுன்லோட் செய்த `.pptx` கோப்பைத் திறந்தேன். ஏழாவது ஸ்லைடில் புயல் நகர்வதைக் காட்டும் வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி. அது யூடியூப் வீடியோ. கோப்புக்குள் இருந்தது அதன் முகவரி மட்டும்தான். வீட்டில் எப்போதும் நெட் இருந்ததால் இது கண்ணில் படவே இல்லை. அந்த வீடியோவை நாலு இடத்தில் நிறுத்தி, நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டு ஒரே ஸ்லைடில் வரிசையாக வைத்தேன். இதைப் பின்னால் பிரிண்டும் எடுக்க முடிந்தது. ஓடுகிற வீடியோவை எந்தப் பேப்பரில் எடுப்பது?

அடுத்த கோளாறு இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. நண்பர் ஒருவர் கொடுத்த பழைய அட்டவணை பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை அப்படியே ஸ்லைடில் ஒட்டியிருந்தேன். என் லேப்டாப்பில் பாமினி இருப்பதால் நெட்டை அணைத்தாலும் அழகாகத் தெரிந்தது. அக்கா மகனின் லேப்டாப்பில் திறந்தபோது “தமிழ்நாடு” என்ற தலைப்பு இப்படி நின்றது:

```
jkpo;ehL
```

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினி அடியில் இருப்பதைக் காட்டிவிடுகிறது. யுனிகோடில் திரும்ப அடிக்க நேரம் இல்லை. அதனால் பாமினி இருக்கும் என் கணினியிலேயே பவர்பாயிண்டில் திறந்து PDF ஆக மாற்றினேன். PDF-இல் எழுத்துரு உள்ளேயே போய் உட்காருமா என்று சந்தேகம் இருந்தால், அடோபி ரீடரில் கோப்பின் Properties-ஐத் திறந்து Fonts பக்கத்தைப் பாருங்கள். எழுத்துருப் பெயர் பக்கத்தில் Embedded Subset என்று வந்தால் எந்த ஊர்க் கணினியிலும் தப்பிக்கும். அனிமேஷன் எல்லாம் போய்விடும், போகட்டும்.

அப்புறம் பிரிண்ட். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ஸ்லைடாக, கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னேன். முதல் தாள் வந்ததும் வயிறு கலங்கியது. சிவப்புக் கோடு காற்றின் வேகம், பச்சைக் கோடு மழை. தாளில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கடைக்காரத் தம்பி, “சார், இதுல எது எது?” என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து, மழைக்கோட்டை விட்டு விட்டு வரும் கோடாக்கினேன், ஓரத்திலேயே பெயரையும் எழுதினேன். கருநீலப் பின்னணி இருந்த மூன்று ஸ்லைடுகளையும் வெள்ளையாக்கினேன். இல்லாவிட்டால் டோனர்தான் தாளை நிரப்பியிருக்கும். புயல் பாதை வரைபடத்தையும் அந்த நாலு படத்தையும் தனியாக ஏ3 தாளில் எடுத்தேன். மற்றது 15 செட்.

மண்டபத்தில் புரொஜெக்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒன்பதாவது ஸ்லைடில் கரண்ட் போனது. என் லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, புரொஜெக்டருக்கு ஏது? புயல் பேச்சுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று யாரோ சிரித்தார்கள். ஜன்னலைத் திறந்து, ஏ3 தாள்களை வெளிச்சம் விழுகிற சுவரில் ஒட்டினோம். முன்வரிசைக்காரர்கள் மற்ற தாள்களைப் பின்னால் கொடுத்தார்கள், இரண்டு பேருக்கு ஒன்று.

அங்கேதான் நான் விட்ட ஒன்று தெரிந்தது. “பதினொன்றாவது படத்தைப் பாருங்க” என்றேன். எல்லோரும் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஸ்லைடில் எண்ணே போடவில்லை. லேப்டாப்பில் எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. “பலா மரம் சாய்ஞ்சு கிடக்குற படம்” என்று சொன்ன பிறகுதான் நின்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் அப்படியே அடையாளம் சொல்லிச் சொல்லிப் போனேன். முடியும்போது ஒரு அம்மா வரைபடத்துக்குப் பக்கத்தில் வந்து, “எங்க ஊரு இதுல இல்லையே தம்பி” என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். அந்தத் தாளை அப்படியே சுருட்டி எடுத்து வந்தேன்.