ஒரு கமா, ஒரு 2: பிராக்ஸிமல் கிரேடியன்டில் எனக்குப் போன 11 நாள்

அடியின் நீளத்தை முடிவு செய்யும் L என்ற எண்ணைக் கணக்கிடும் ஒரே ஒரு வரியால் எனக்கு 11 நாள் வீணானது. நேற்று இரவுதான் சரியான விடை வந்தது. பெரும்பாலும் பூச்சியங்களே உள்ள விடையைத் தேடும் லாஸ்ஸோ கணக்கை லைப்ரரியை நம்பாமல் தானே எழுதிப் பார்க்கிறவர்கள் இதே இடத்தில் மாட்ட வாய்ப்பு அதிகம். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கணக்கு பழக்கமானதுதான். F(x) = ½‖Ax − b‖² + λ‖x‖₁ என்பதைச் சிறுமமாக்க வேண்டும். நிஜத் தரவில் கை வைக்கும் முன் ஓர் ஒத்திகை வைத்துக்கொண்டேன். A-யில் 500 நிரை, 2000 நிரல், எல்லாம் சராசரி 0, திட்டவிலக்கம் 1 கொண்ட ரேண்டம் எண்கள். நான் ஒளித்துவைத்த x-இல் 20 இடங்களில் மட்டும் +1 அல்லது −1, மற்ற 1980 இடங்களில் 0. b-யில் கொஞ்சம் இரைச்சல் கலந்தேன். Aᵀb-யில் குறியைப் பார்க்காமல் எடுத்த மிகப் பெரிய எண்ணில் பத்தில் ஒரு பங்கை λ-வாக வைத்தேன். பிராக்ஸிமல் கிரேடியன்ட் அல்காரிதம் இரண்டே வரி:

```
z = x - t * A.T @ (A @ x - b)
x = np.sign(z) * np.maximum(np.abs(z) - t*lam, 0)
```

முதல் வரி சாதாரண கிரேடியன்ட் அடி. இரண்டாவது சாஃப்ட் திரெஷோல்டு: ஒவ்வோர் எண்ணையும் பூச்சியத்தை நோக்கி t·λ அளவு இழுக்கும், அதைவிடச் சிறியதாக இருந்தால் பூச்சியமே ஆக்கிவிடும். விடையில் அசல் பூச்சியங்கள் வருவது இந்த வரியால்தான். அடியின் நீளம் t = 1/L; L என்பது AᵀA-யின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு.

முதல் சறுக்கல் இரண்டாவது வரியிலேயே நடந்தது. `t*lam` என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் `lam` எழுதியிருந்தேன். விடை முழுக்கப் பூச்சியம். இது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது, காரணம் நான் கையால் போட்டு வைத்திருந்த ஒரு குட்டிக் கணக்கு. A என்பது வெறும் 2, b என்பது 3, λ = 2 என்று வையுங்கள். L = 4, அதனால் t = ¼. x = 0-வில் தொடங்கினால் கிரேடியன்ட் −6; அடி எடுத்து வைத்தால் z = 1.5, அதிலிருந்து t·λ, அதாவது 0.5 கழித்தால் x = 1. இதுதான் சரியான விடையும், ஒரே அடியில் வந்துவிடுகிறது. t-ஐ விட்டுவிட்டு 2-ஐக் கழித்தால் 1.5 காலி, x = 0. பெரிய கணக்கில் L ஆயிரக்கணக்கில் இருக்கும், அதனால் t-ஐ மறந்தால் λ-வை அத்தனை ஆயிரம் மடங்கு பெருக்கியதற்குச் சமம். எந்தத் தரவு கொடுத்தாலும் எல்லாம் பூச்சியமாக வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

அதைத் திருத்தினேன், குட்டிக் கணக்கு தேறியது. தைரியமாகப் பெரியதை ஓடவிட்டேன். அடுத்தடுத்த இரண்டு x-களுக்கு இடையிலான வித்தியாசம் 0.001-க்குக் கீழே போனால் நிறுத்து என்பது நான் வைத்த விதி. சில நூறு சுற்றுகளில் நின்றது. F ஒவ்வொரு சுற்றிலும் அழகாக இறங்கியிருந்தது, ஒரு தடவைகூட ஏறவில்லை. ஆனால் விடையில் 20 இடங்களுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இடங்களில் பூச்சியமல்லாத எண்கள், எல்லாம் பொடிப்பொடியாக.

இங்கேதான் நாட்கள் கரைந்தன. λ போதவில்லை என்று நினைத்து ஏற்றினேன். இடங்கள் குறைந்தன, கூடவே உண்மையான சிலவும் காணாமல் போயின. இரைச்சலைக் குறைத்தேன். ரேண்டம் விதையை மாற்றினேன். சோதனை செய்யும் ஸ்கிரிப்டையே மறுபடி எழுதினேன். இரவு முழுக்க ஓடட்டும் என்று சர்வரில் போட்ட வேலையும் அதே நிறுத்த விதியால் சில நிமிடங்களில் முடிந்து, காலையில் அதே குப்பையைக் காட்டியது.

பத்தாம் நாள் லேபில் ஒரு சீனியர் அக்கா வந்து பார்த்தார். கோடைப் படிக்கவேயில்லை. "L எவ்வளவு வந்துச்சுன்னு பிரிண்ட் பண்ணிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். போட்டேன், ஏறத்தாழ பத்து லட்சம். "500-க்கு 2000 ரேண்டம் மேட்ரிக்ஸுக்கு 4500 பக்கம்தானே வரணும்?" என்றார்.

அவர் சொன்ன கணக்கு சுலபம். இப்படிப்பட்ட அணியின் மிகப் பெரிய சிங்குலர் மதிப்பு √500 + √2000 பக்கம் இருக்கும். 22.4-ஐயும் 44.7-ஐயும் கூட்டினால் 67, அதன் வர்க்கம்தான் L, அதாவது 4500. எனக்கு வந்த பத்து லட்சம் 500-ஐயும் 2000-ஐயும் பெருக்கினால் வருவது, அதாவது எல்லா எண்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை. `np.linalg.norm` ஓர் அணியைப் பார்த்தால், நாம் வேறு சொல்லாதவரை அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை, அதாவது ஃப்ரோபீனியஸ் நார்மைத்தான் தரும்:

```python
L = np.linalg.norm(A)**2      # தவறு: ஃப்ரோபீனியஸ்
L = np.linalg.norm(A, 2)**2   # சரி: மிகப் பெரிய சிங்குலர் மதிப்பு
```

ஒரு கமா, ஒரு 2. அது இல்லாததால் என் அடி 222 மடங்கு சிறியதாகிவிட்டது. குட்டிக் கணக்கு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், ஒரே ஒரு நிரல் இருக்கும் அணிக்கு இரண்டு நார்மும் ஒன்றுதான். சோதனைக்கு ஒரு நிரல் போதாது. ஒரு நிரல் மற்றொன்றின் மடங்காக இல்லாத 2×2 அணி வைத்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

தியரியும் என்னை எச்சரிக்கவில்லை. F-இன் மிகச் சிறிய மதிப்பை F* என்றும் அதைத் தரும் x-ஐ x* என்றும் வையுங்கள். F குவிவுச் சார்பு, அடி 1/L-ஐத் தாண்டவில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இது உண்மை:

F(xₖ₊₁) − F* ≤ (1/2t)·(‖xₖ − x*‖² − ‖xₖ₊₁ − x*‖²)

k சுற்றுகளுக்கும் இதை எழுதிக் கூட்டினால் வலது பக்கம் நடுவில் இருப்பவை எல்லாம் ஒன்றோடொன்று அடிபட்டுப் போய், தொடக்கத் தூரம் மட்டும் நிற்கும். F ஏறுவதே இல்லை என்பதால் கடைசி மதிப்புதான் எல்லாவற்றிலும் சிறியது. ஆக F(xₖ) − F* ≤ ‖x₀ − x*‖²/(2tk). t = 1/L என்றால் பழக்கமான L‖x₀ − x*‖²/(2k). இதில் எங்கேயும் t சிறியதாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை கிடையாது. t எவ்வளவு சிறியதானாலும் F இறங்கும், வரைபடம் ஒழுங்காக இருக்கும், 1/k வேகமும் பொய்யாகாது. மேலே நிற்கும் மாறிலி மட்டும் ஊதிவிடும். என் ஒத்திகையில் ‖x₀ − x*‖² அதிகம் போனால் 20 பக்கம். F-இல் 1 அளவு பிழை போதும் என்றாலும், சரியான L-க்கு இந்த வரம்பு 45,000 சுற்று கேட்கிறது, என் L-க்கு ஒரு கோடி. வரம்பு மோசமான நிலைமைக்கானது. பூச்சியங்கள் எங்கே என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பொதுவாக அதைவிட வேகமாகவே இறங்கும். ஆனாலும் 222 என்ற விகிதம் எங்கேயும் போய்விடாது. இதே t 2/L-ஐத் தாண்டியிருந்தால் F தாறுமாறாக ஏறி, பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எனக்கு அதிகம் வலிப்பது நிறுத்த விதிதான். குட்டிக் கணக்கிலேயே பாருங்கள். t-ஐ ¼-க்குப் பதில் 1/400 ஆக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சப் பிழையில் நூற்றில் ஒரு பங்குதான் குறையும். ஆக, அடுத்தடுத்த x-களின் வித்தியாசம் 0.001-க்கு வரும்போது மிச்சப் பிழை 0.1. x = 1-க்கு வர வேண்டியது 0.9-இலேயே நின்று, வந்துசேர்ந்துவிட்டேன் என்று சொல்லும். சிறிய அடி வைத்தால் நகர்வும் சிறியதாகத்தானே இருக்கும்? அதை அளந்துவிட்டு முடிந்தது என்று நம்பியிருக்கிறேன்.

இப்போது நிறுத்த விதியாக டூயாலிட்டி இடைவெளியைத்தான் வைத்திருக்கிறேன். எச்சம் r = b − Ax. Aᵀr-இல் குறியைப் பார்க்காமல் எடுத்த மிகப் பெரிய எண் λ-வைத் தாண்டினால், தாண்டாத அளவுக்கு r-ஐச் சுருக்கி θ என்று வைத்துக்கொள்ளுங்கள். D = ½‖b‖² − ½‖b − θ‖² என்பது F*-ஐவிட ஒருபோதும் மேலே போகாது. ஆகவே F(x) − D எவ்வளவோ, அதற்கு மேல் பிழை இருக்க முடியாது. t என்ன என்பது இதில் வரவே இல்லை. அதே 0.9-இல் போட்டுப் பார்ப்போம்: r = 1.2, Aᵀr = 2.4, இது 2-ஐத் தாண்டுவதால் சுருக்கினால் θ = 1. D = 4.5 − 2 = 2.5. F = 0.72 + 1.8 = 2.52. இடைவெளி 0.02, இன்னும் முடியவில்லை என்று நேரடியாகச் சொல்கிறது. x = 1-இல் F-உம் 2.5, இடைவெளி பூச்சியம். பெரிய கணக்கில் இதை ½‖b‖²-ஆல் வகுத்து, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

L-ஐத் திருத்திய பிறகு, பெக்கும் டெபூலும் 2009-இல் கொடுத்த வேகப்படுத்திய வடிவத்தையும், அதாவது ஃபிஸ்டாவையும், சேர்த்தேன். முந்தைய நகர்வின் ஒரு பங்கை அடுத்த அடியில் கூட்டிக்கொள்வது, அவ்வளவுதான் கூடுதல் வேலை. வரம்பு 2L‖x₀ − x*‖²/(k+1)² ஆகிறது. அதே 1 அளவு பிழைக்கு 45,000 இருந்த இடத்தில் 424 சுற்று. இதில் F நடுநடுவே ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். ஏறும்போது அந்தக் கூடுதல் பங்கைப் பூச்சியமாக்கி மறுபடி தொடங்கினால் அடங்கிவிடும். அணி மிகப் பெரியது என்று L-ஐப் பவர் இட்டரேஷனில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது உண்மையான L-ஐக் கீழேயிருந்துதான் நெருங்கும், சீக்கிரம் நிறுத்தினால் t வரம்பைத் தாண்டும். நான் இரண்டு சதவீதம் கூட்டிவைத்து, F ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு ஓடவிட்டதில் இடைவெளி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே போய் நின்றது. பூச்சியமல்லாத இடங்கள் சரியாக 20, நான் ஒளித்துவைத்த அதே 20. ஆனால் மதிப்புகள் 1-க்குப் பதில் 0.85 பக்கம் இருந்தன, மறுபடி எங்கேயோ தப்பு என்று வயிறு கலங்கியது. இடைவெளி அவ்வளவு சிறியதாக இருக்கும்போது அல்காரிதத்தைச் சந்தேகிக்க இடமில்லை, எனவே λ-வைப் பார்த்தேன். இங்கே λ ஏறத்தாழ 75; நிரல் ஒவ்வொன்றின் வர்க்க நீளம் 500 பக்கம்; 75/500 = 0.15. லாஸ்ஸோ பிடித்துக்கொள்ளும் பங்கு அது. அந்த 20 நிரல்களை மட்டும் எடுத்து λ இல்லாமல் சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டேன். எல்லாம் 1-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.