அவர்கள் ஊர் டிப்ளம் வேறு, நம்ம ஊர் டிப்ளமோ வேறு

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருடம் டிசைன் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் (2025) ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிற இன்னொரு பம்ப் கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்தேன். மொத்தம் மூன்று ரவுண்டு. பம்பைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், அதில் ஒரு சிரமமும் இல்லை. மாட்டிக்கொண்டது என் படிப்பைப் பற்றிக் கேட்டபோதுதான்.

நான் பாலிடெக்னிக் ஆள். மூன்று வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம். நம்ம ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் ரவுண்டில் அந்த எச்.ஆர். அம்மா என் ரெஸ்யூமைப் பார்த்துக்கொண்டே, "டிப்ளம் முடித்துவிட்டு ஏன் பேச்சிலர் படித்தீர்கள்?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அங்கே 'டிப்ளம் இன்ஜினியர்' என்பது பழைய பல்கலைக்கழகப் பட்டமாம், கிட்டத்தட்ட மாஸ்டர்ஸுக்குச் சமம். அதாவது, எம்.இ. முடித்தவன் மறுபடி பி.இ. சேர்ந்த மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கிறது! பத்தாவது முடித்து பதினைந்து வயதில் பாலிடெக்னிக் சேர்வோம், அது தொழில்படிப்பு, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று சொன்ன பிறகுதான் தெளிந்தார்.

அடுத்த கேள்வி உடனே வந்தது. மார்க்‌ஷீட் மூன்றாம் செமஸ்டரில் தொடங்குகிறதே, முதல் இரண்டும் எங்கே? லேட்டரல் ஆட்களுக்கு அந்த இரண்டு செமஸ்டரே கிடையாது என்பது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது எதையோ மறைக்கிற மாதிரித்தான் இருக்கும். மூன்றாவதாக, அவர் அனபின் தளத்தில் என் கல்லூரியைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை.

அனபின் என்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் ஜெர்மன்காரர்கள் தரம் பிரித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ். அதில் H+ என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு, H- என்றால் இல்லை, நடுவில் H+/- என்று ஒன்று. நான் செய்த தப்பு என்னவென்றால், ரெஸ்யூமில் கல்லூரிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அண்ணா பல்கலைக்கழகத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தேன். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவதுதான் கல்லூரி. அண்ணா பல்கலைக்கழகம் அதில் H+. இதைச் சொன்னதும் அந்த அம்மா அங்கேயே தேடிப் பார்த்து, சரி என்றார்.

அன்று ராத்திரியே ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். எந்த வயதில் எந்தப் படிப்பு, எத்தனை வருடம், சான்றிதழ் கொடுத்தது யார், ஏன் முதல் இரண்டு செமஸ்டர் இல்லை, டிப்ளமோ மார்க்‌ஷீட் எந்தக் கோப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். மதிப்பெண்ணையும் அவர்கள் கணக்குக்கு மாற்றிப் போட்டேன். அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண், 4 வந்தால் பாஸ். என் சி.ஜி.பி.ஏ. 7.8, நான் 2018இல் முடித்தபோது பாஸ் ஆக 5 வேண்டும். மாற்றுகிற சூத்திரம் இது:

```
1 + 3 × (10 − 7.8) / (10 − 5) = 2.32
```

2.3 என்றால் அங்கே 'நல்லது' என்கிற வகுப்பில் வரும். 7.8 என்று மட்டும் போட்டிருந்தால் அது நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே, இது நானே போட்ட கணக்கு, அதிகாரப்பூர்வ மாற்றம் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதைச் சேர்க்காமல் அனுப்பாதீர்கள். அதிகாரப்பூர்வமாக வேண்டுமென்றால் பான் நகரில் இருக்கிற இசட்.ஏ.பி. அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். அனபினில் உங்கள் பல்கலைக்கழகமோ பட்டமோ தெளிவாக இல்லையென்றால் விசாவுக்கு அது தேவைப்படும். எனக்கு இரண்டும் இருந்ததால் அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து வைத்ததே போதுமாக இருந்தது.

இரண்டாவது ரவுண்டு, டெக்னிக்கல். இங்கே நேரத்தில் கோட்டை விட்டேன். முதல் ரவுண்டு மார்ச் நடுவில், அங்கே காலை 10, நமக்கு மதியம் 2.30. நாலரை மணி நேர வித்தியாசம் என்று மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது மார்ச் 31, திங்கள்கிழமை. மெயிலில் 10:00 CET என்றே எழுதியிருந்தார்கள். காலண்டர் அழைப்பில் மட்டும் 1.30 என்று காட்டியது, நான் அதைத்தான் தப்பு என்று நினைத்தேன்! மார்ச் கடைசி ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் மூன்றரை மணியாகிவிடும். அது நடந்தது முந்தின நாள். மெயில் எழுதியவர் பழக்கதோஷத்தில் CET என்று போட்டிருக்கிறார், கோடையில் அது CEST ஆக இருக்க வேண்டும். அன்று ரம்ஜான் லீவு, பக்கத்து வீட்டு பாய் கொடுத்தனுப்பிய பிரியாணியில் கை வைத்திருக்கிறேன், 1.40க்கு போன் அடிக்கிறது. கையைக் கழுவிவிட்டு, பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது 1.47. மன்னிப்புக் கேட்டு, காரணத்தை ஒரே வரியில் சொன்னேன். அவர்களில் ஒருவர் தானும் நேற்று அடுப்புக் கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார், தப்பித்தேன். அதன் பிறகு எந்த மெயிலுக்கும் "உங்களுக்கு 10 மணி, எனக்கு மதியம் 1.30, சரிதானே" என்று இரண்டு நேரத்தையும் எழுதித்தான் பதில் போட்டேன்.

மூன்றாவது ரவுண்டு முழுக்க எப்போது வருவீர்கள், எப்படி வருவீர்கள் என்பதுதான். 90 நாள் நோட்டீஸ் என்று சொல்லத் தயங்கினேன், அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை, அங்கேயும் மூன்று மாதம் சகஜம். பிடித்தத்துக்கு முன்னால் வருடச் சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். நம்ம சி.டி.சி.யில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கலந்திருக்கும், அதை அப்படியே யூரோவாக மாற்றிச் சொன்னால் எதற்கும் பொருந்தாது. என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு புளூ கார்டு விசா கிடைக்க 2025இல் குறைந்தது 43,759.80 யூரோ சம்பளம் வேண்டும், அதற்குக் கீழே பேச்சே இல்லை. நான் 58,000 கேட்டேன், 55,000க்கு முடிந்தது. தனி ஆளாகப் போனால் இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரி, காப்பீடு என்று போய்விடும், கல்யாணமாகி ஒருவர் மட்டும் சம்பாதித்தால் பிடித்தம் குறையும்.

மனைவியும் வருவார்களா என்று கேட்டார்கள். வருவாள், ஆனால் மூன்று மாதம் கழித்து என்றேன். புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு, வருவதற்கு முன்னால் ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை, வந்ததும் வேலைக்கும் போகலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் பதில் தடுமாறவில்லை.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்றபோது ஒன்றே ஒன்று கேட்டேன், முதல் இரண்டு மாதம் தங்க இடம் தருவீர்களா, அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா என்று. அங்கே நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யாமல் வரி எண் வராது, ரெசிடன்ஸ் கார்டு வேலையும் நகராது. எல்லா ஹோட்டலிலும், எல்லா வாடகை அறையிலும் அதற்கான வீட்டுக்காரர் கடிதம் தரமாட்டார்கள். எச்.ஆர். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று நாள் கழித்து ஆஃபர் வந்தது. கம்பெனிக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு அறை, பதிவு செய்யலாம், சமையலறை பொது என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்கள்.