அரிவாள் மூக்கனின் அலகும் வெட்டுக்கோடும்: ஸ்டிக்கர் தாள் அனுபவம்

பள்ளிக்கரணைப் பறவைகள் பன்னிரண்டை வைத்து நான் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டிக்கர் தாளின் மாதிரி அச்சு ஒருவழியாகக் குறையின்றி வந்துவிட்டது. அரிவாள் மூக்கனின் அலகு கிழியாமல் உரிந்து வருகிறது, பவளக்கால் உள்ளானின் கால்கள் தாளோடு தங்கிவிடுவதில்லை. ஐம்பது தாள்கள் மட்டுமே அடிக்கும் சிறு வேலை என்பதால், அச்சடித்த கையோடு வெட்டியும் கொடுக்கும் ரோலண்ட் வகை எக்கோ சால்வென்ட் இயந்திரத்தில், வெள்ளை வினைலில் செய்வதென்று முடிவு செய்திருந்தேன்.

தாளின் அளவை முதலில் ஏ5 என்றே வைத்திருந்தேன். கடைக்காரரிடம் 30 இஞ்ச் ரோலில் எவ்வளவு அகலம் அச்சாகும் என்று கேட்டபோது, 730 மி.மீ. வரை நம்பலாம் என்றார். 148 மி.மீ. அகலமுள்ள ஏ5 தாள்கள் ஐந்தை ஒரு வரிசையில் வைத்தால் இடைவெளி இல்லாமலேயே 740 மி.மீ. ஆகிவிடுகிறது, ஆகவே நான்குதான் வைக்க முடியும், மீதி அகலம் வீண். தாளின் அகலத்தை 140 மி.மீ. ஆக்கி, நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட்டால், ஐந்து தாள்களும் 716 மி.மீ.-க்குள் அடங்கிவிடுகின்றன. உயரம் 210 மி.மீ. அப்படியே இருக்க, ஐம்பது தாள்களுக்குப் பதின்மூன்று வரிசைகளுக்குப் பதிலாகப் பத்தே வரிசைகள் போதும். சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கும் கடையில் ஏறத்தாழ 64 செ.மீ. நீள வினைல் மிச்சமாவது சிறு தொகை அல்ல. ஆனால் அகலம் குறைந்ததற்காகப் படங்களை மொத்தமாகச் சுருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன், ஏனெனில் ஏற்கெனவே மெலிந்திருக்கும் அலகும் காலும் இன்னும் மெலிந்துவிடும். பறவைகளை இடம் மாற்றி அடுக்கி, ஸ்டிக்கர்களுக்கு நடுவே 4 மி.மீ., தாளின் ஓரத்தில் 5 மி.மீ. விட்டேன். இறுதி அளவு முடிவான பிறகே, ஒவ்வொரு பறவையைச் சுற்றியும் கத்தி ஓட வேண்டிய வெட்டுக்கோட்டை வரைந்தேன்.

என் நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கியது அந்தக் கோடுதான். பறவையின் வடிவத்தைச் சுற்றி 2 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டால் போதுமென்று தோன்றும். 1 மி.மீ. தடிமனுள்ள அலகு அப்போது இருபுறமும் ஓரம் சேர்த்து 5 மி.மீ. அகல நாக்காக நீளும். அதற்கே ஓரளவு வலு உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வளைந்த அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலும், உள்ளானின் இரு கால்களுக்கு நடுவிலும் கோடு உள்ளே புகுந்து கூர்மையாகத் திரும்பி வெளியே வருகிறது. இழுபட்டு நகரும் கத்தியின் முனை அதன் சுழல் அச்சிலிருந்து சற்று விலகியே இருப்பதால், இப்படிப்பட்ட கூர்முனைகளில் அது திரும்பும்போது வினைலைச் சுரண்டிவிடுகிறது. ஸ்டிக்கரை உரிக்கும்போது கிழிசல் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு நான் கண்ட வழி, இல்லஸ்ட்ரேட்டரில் பறவையின் நிழலுருவை ஒரே வடிவமாக இணைத்துக்கொண்டு, `Offset Path` கட்டளையை இரண்டு முறை பயன்படுத்துவது. முதலில் 5 மி.மீ. வெளியே தள்ளி, கிடைத்ததை மீண்டும் ஒன்றாக இணைத்து, பிறகு அதிலிருந்து -3 மி.மீ. உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு முறையும் `Joins` என்பதை `Round` என வைக்க வேண்டும். இறுதியில் படத்திலிருந்து 2 மி.மீ. தள்ளித்தான் கோடு நிற்கும். ஆனால் 10 மி.மீ.-க்குக் குறைவான அகலமுள்ள இடுக்குகள் முதல் தள்ளலிலேயே மூடிக்கொள்கின்றன, எஞ்சிய உள்வளைவுகள் 3 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கிவிடுகின்றன. உள்ளானின் இரு கால்களும் ஒரே அகலமான வெள்ளைப் பட்டையில் நிற்பது அழகுக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், உரிக்க முடியாத ஸ்டிக்கரின் அழகை யாரும் பார்க்கப் போவதில்லை. நடுவில் தங்கும் சிறு ஓட்டை வடிவங்களை நீக்கிவிட்டு, `Simplify` மூலம் தேவையற்ற புள்ளிகளைக் குறைத்தால் கத்தி தடுமாறாமல் ஓடுகிறது.

ஓரத்தை 1 மி.மீ. ஆக்கினால் நேர்த்தியாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அச்சும் வெட்டும் அரை மி.மீ. விலகினாலும் அப்போது ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் 1.5 என மூன்று மடங்கு வித்தியாசம் கண்ணை உறுத்தும். 2 மி.மீ. ஓரத்தில் அதே விலகலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி, தனிப் பெயரோடு கோப்பில் தனியாக நிற்கும் நிறமான ஸ்பாட் கலர். வெட்டுக்கோட்டுக்குக் கொடுத்த இளஞ்சிவப்பு நிறம் அச்சாவதற்காக வைக்கப்படுவதில்லை. ரோலண்ட் இயந்திரத்துக்குக் கோப்பை அனுப்பும் வெர்சாவொர்க்ஸ் மென்பொருள் அதன் பெயரை வைத்தே வெட்டுக்கோட்டை அடையாளம் காண்கிறது. பெயர் `CutContour` என்று, இரண்டு பெரிய எழுத்துகளுடன், இடைவெளியின்றி இருக்க வேண்டும். `Color Type` என்பது `Spot Color` ஆக இருக்க வேண்டும். பின்தாளையும் சேர்த்து வெட்ட வேண்டிய வெளிச்செவ்வகத்துக்கு `PerfCutContour` என்ற தனிப் பெயர். இரண்டுக்கும் 0.25 pt கோடு, உள்நிரப்பு கிடையாது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது சாதாரண நிறமாகக் கருதப்பட்டு, பறவையைச் சுற்றி இளஞ்சிவப்புக் கோடாக அச்சாகிவிடும். முன்பு வேறொரு கடையில், கோப்பைச் சரிபார்ப்பதாகச் சொல்லி வேறு மென்பொருளில் திறந்து நான்கு வண்ணத்துக்கு மாற்றியதால், என் ஸ்டிக்கர்கள் அப்படித்தான் ரோஜா நிற வேலியோடு வந்தன. அதனால் இப்போது பிடிஎஃப்பை நேரடியாக வெர்சாவொர்க்ஸில் ஏற்றும்படி எழுதியே கொடுக்கிறேன். அனுப்பும் முன் அக்ரோபேட்டின் `Output Preview` பகுதியில் நான்கு வண்ணங்களுக்குக் கீழே இரண்டு பெயர்களும் தனித்தனித் தகடுகளாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதும், ஒன்றை அணைத்தால் அந்தக் கோடு மட்டும் மறைகிறதா என்று பார்ப்பதும் போதுமான சோதனை.

பலரும் கவனிக்காத ஒன்று `Overprint Stroke`. வெள்ளை ஓரத்தில் ஓடும் கோடுகளுக்கு அது பொருட்டில்லை. ஆனால் என் தாளில் நீலப் பின்னணியோடு ஒரு தலைப்பு ஸ்டிக்கர் இருக்கிறது. அதன் நீலம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 2 மி.மீ. வரை நீள்கிறது. அங்கே இந்தத் தெரிவு இல்லாவிட்டால், கோடு தன் அடியிலுள்ள நீலத்தை அச்சாகாமல் நீக்கிவிடும். கத்தி சற்று விலகினால் ஓரத்தில் மயிரிழை வெள்ளை தெரியும். முழு நீலத்தில் அது நன்றாகவே தெரிகிறது.

மாதிரித் தாளை வெட்டியதும் ஒரு ஸ்டிக்கரை உரித்துப் பின்தாளைப் பார்த்தேன். மெல்லிய கீறல் மட்டும் தெரிய வேண்டும். கீறலே இல்லையென்றால் கத்தி போதவில்லை, பின்தாளின் மறுபுறம் விரலில் உணரும் அளவுக்குக் கோடு தெரிந்தால் அழுத்தம் அதிகம். என்னுடையதில் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐம்பது தாள்களும் இப்போது அச்சாகி, வெட்டப்படாமல் கடையில் காய்கின்றன. சால்வென்ட் மை உலர்ந்ததுபோல் தோன்றினாலும், வினைலுக்குள் தங்கிய கரைப்பான் பசையை இளக்கிவிடுவதால், உடனே வெட்டினால் ஓரங்கள் சுருண்டு எழுகின்றன. ஒரு முழு நாள் விரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். மேலே மேட் லேமினேஷன் ஏற்றிய பிறகு ரோல் திரும்பவும் இயந்திரத்துக்குள் போக வேண்டும் என்பதால், கத்தியை அச்சோடு பொருத்த உதவும் பதிவுக் குறிகளோடுதான் அச்சிட்டிருக்கிறார்கள்.

இதற்குள் அடுத்த வேலையையும் ஆரம்பித்துவிட்டேன். அதே பறவைகளை ஒளிபுகும் வினைலில் அடிக்க வேண்டும். அதற்கு வெள்ளை மை உள்ள இயந்திரமும், படங்களுக்கு அடியில் `RDG_WHITE` என்ற மூன்றாவது ஸ்பாட் கலரும் தேவை. வெள்ளை வடிவத்தைப் படத்தைவிட 0.25 மி.மீ. உள்ளே இழுத்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் நீர்க்காகத்தின் கரிய உடலைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும். வெள்ளை மை ஏற்றும் கடை அருகில் எதுவும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.