30 லட்சம் கடன், என் கணக்கில் விழுந்த ஓட்டைகள்

2024 மே மாதம் திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு ஒரே பக்கம்தான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. கட்டணம் 21,000 பவுண்டு, வாடகையும் சாப்பாடும் மாதம் 1,000 பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே வைத்தேன். விசா, மருத்துவக் கட்டணம், டிக்கெட் எல்லாம் சேர்த்து 40 லட்சம் வந்தது. அப்பாவின் சேமிப்பு 10 லட்சம் போக, வீட்டுப் பத்திரத்தை வைத்து 30 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி. படித்து முடித்தால் ஆண்டுச் சம்பளம் 32,000 பவுண்டு, அதாவது 35 லட்சம். "ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம்ப்பா" என்று தைரியமாகச் சொன்னேன்.

முதல் ஓட்டை மொரட்டோரியம். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓர் ஆண்டும் தவணை கிடையாது என்று வங்கியில் சொன்னதை, வட்டியும் கிடையாது என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். ஆகஸ்டில் 16 லட்சம் வாங்கினோம். ஜனவரிக் கடைசியில் அடுத்த 14 லட்சம் வந்தபோதுதான் கணக்கு விவரத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதற்குள் 84,000 ரூபாய் வட்டி ஏறியிருந்தது. மாதம் 14,000. இனி முழுக் கடனுக்கும் மாதம் 26,250 ஓடும்.

இந்தக் காலத்தில் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. ஆனால் 2026 செப்டம்பரில் தவணை தொடங்கும் அன்று, சேர்ந்த வட்டி மொத்தமும் அசலோடு கலந்துவிடும். நான் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் விட்டிருந்தால் 5.83 லட்சம் சேர்ந்து அசல் 35.83 லட்சமாகியிருக்கும். எக்செலில் இரண்டு வரி போட்டுப் பார்த்தேன்:

```
=PMT(10.5%/12,120,-3000000)
=PMT(10.5%/12,120,-3582750)
```

முதல் வரிக்கு மாதத் தவணை சுமார் 40,500, இரண்டாவதற்கு 48,300. வித்தியாசம் மாதம் 7,800 சொச்சம்தான், ஆனால் பத்து ஆண்டுகளில் அது 9.4 லட்சம். 5.83 லட்சத்தைத் தள்ளிப்போட்டதற்கு அதுதான் விலை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிப்ரவரியிலிருந்து மாத வட்டியைக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை கிடைத்தது. மாதம் 235 பவுண்டு அளவுக்கு ஊருக்கு அனுப்பினால் வட்டி அடைந்துவிடும். வேலை தேடிய மாதங்களில் அப்பா கட்டினார். சில வங்கிகள் இப்படி உடனுக்குடன் வட்டி கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் சலுகை தருகின்றன. கடன் வாங்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டியது.

இரண்டாவது ஓட்டை படிப்பு முடிந்தபின் வந்தது. இங்கே தங்கி வேலை தேட இரண்டாண்டு விசா எடுக்க வேண்டும். 2025 நவம்பரில் விண்ணப்பக் கட்டணம் 880 பவுண்டு, இரண்டு ஆண்டு மருத்துவக் கட்டணம் 2,070. கையில் சம்பளமே இல்லாத நேரத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. மாடியில் போட்ட கணக்கில் இந்த வரியே இல்லை.

2026 பிப்ரவரியில் எதிர்பார்த்த அதே 32,000 பவுண்டுக்கு வேலை கிடைத்தது. வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 2,100 சொச்சம். மாணவனாக இருந்தபோது கட்டாத கவுன்சில் வரியும் சேர்ந்து செலவு 1,350. மிச்சம் 750 பவுண்டு, பவுண்டு 115 என்று வைத்தால் 86,000 ரூபாய். தவணையைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த 86,000 எத்தனை மாதம் வரும்? விசா 2027 நவம்பரில் முடிகிறது. 21 மாதம். அத்தனையையும் கடனில் போட்டாலும் அசல் சுமார் 17 லட்சம் நிற்கும். ஊர் திரும்பினால் மீதி ஆண்டுகளுக்கு மாதம் 25,000 கட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன் சென்னையில் நான் வாங்கியதே 40,000தான், அப்போது கடன் இல்லை.

தொடர்ந்து இருக்க வேண்டுமானால் நிறுவனம் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். அந்த விசாவுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 33,400 பவுண்டு. எனக்கு 1,400 பவுண்டு இடிக்கிறது. சம்பள உயர்வு பற்றி மேலாளரிடம் பேசியிருக்கிறேன், செப்டம்பரில் பார்க்கலாம் என்றார். அதே மாதம்தான் தவணையும் தொடங்குகிறது.