"அது மாஸ்டருக்குப் போகுமா அண்ணா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "முதல்ல எரர் நிக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பதினொரு நிமிடமாக எந்த வாடிக்கையாளராலும் எங்கள் ஆன்லைன் கடைக்குள் நுழையவோ, கூடையில் ஒரு பாக்கெட் பால் சேர்க்கவோ முடியவில்லை. மறுநாள் காலை டெலிவரிக்கு ஆர்டர்கள் குவியும் இரவு நேரம் அது. லாக் முழுக்க ஒரே வரி:

```
READONLY You can't write against a read only replica.
```

நடந்தது இவ்வளவுதான். கூடை, செஷன் எல்லாம் ரெடிஸ் தரவுத்தளத்தில் இருந்தன; அதில் எழுதுவது மாஸ்டர் என்ற நோடில், அதன் நகல் ரெப்ளிகா. 10:58க்கு ரெடிஸ் மாஸ்டர் ஓடிய விர்ச்சுவல் மெஷின் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக உறைந்தது. மாஸ்டரைக் கண்காணிக்கும் சென்டினல்கள் 30 நொடி காத்திருந்து, அது போய்விட்டது என்று தமக்குள் ஒத்துக்கொண்டு, ரெப்ளிகாவை மாஸ்டராக உயர்த்தின. உறைந்த மெஷின் மீண்டும் எழுந்ததும் அதைப் புது மாஸ்டருக்குக் கீழே ரெப்ளிகாவாக இறக்கிவிட்டன. ஃபெயில்ஓவர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. எங்கள் அப்ளிகேஷன் மட்டும் பழைய ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் கான்ஃபிக் கோப்பில் அந்த முகவரியைத்தான் எழுதி வைத்திருந்தோம். மூன்று சென்டினல்கள் ஓடின. அவற்றிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சென்டினல் நடுவில் நின்று போக்குவரத்தைத் திருப்பிவிடாது. மாஸ்டர் யார் என்று கேட்டால் முகவரியைச் சொல்லும், அவ்வளவுதான்.

எங்களைக் குழப்பியது வேறொன்று. ஒரு நோடை ரெப்ளிகாவாக இறக்கும்போது சென்டினல் அதில் உள்ள சாதாரண இணைப்புகளை அறுத்துவிடும், இணைந்திருந்த அப்ளிகேஷன்கள் திரும்ப விசாரித்துப் புது இடத்துக்குப் போகட்டும் என்று. எங்கள் அப்ளிகேஷனும் அறுபட்டது, உடனே மீண்டும் இணைந்தது, அதே முகவரியில். லாகில் "இணைந்துவிட்டது" என்று பார்த்ததும் நெட்வொர்க் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஹெல்த் செக் `PING` அனுப்பியது, `PONG` வந்தது. பொருள் பட்டியல் படிப்பது எல்லாம் வேலை செய்தது, ஏனென்றால் ரெப்ளிகாவில் படிக்கலாம். டாஷ்போர்டு பச்சையாகவே இருந்தது. அந்த நோடில் `ROLE` என்று ஒரு வார்த்தை தட்டியிருந்தால் முதல் வரியிலேயே `slave` என்று சொல்லியிருக்கும். அதைத் தட்ட எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

முகவரியை மாற்ற வேண்டும் என்று தெரிந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ஐந்து சர்வீஸ்களில் அது எழுதப்பட்டிருந்தது, ஒவ்வொன்றையும் மறுபடி பில்டு செய்து ஏற்ற வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். அப்போதுதான் அந்தக் கட்டளை நினைவுக்கு வந்தது. 11:10.

```
CONFIG SET replica-read-only no
```

ரெப்ளிகாவையே எழுத அனுமதித்துவிடுவது. கூட இருந்த பெண் பணிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்தான் கேட்டார், அது மாஸ்டருக்குப் போகுமா என்று.

போகாது. நகல் எடுப்பது மாஸ்டரிலிருந்து ரெப்ளிகாவுக்கு மட்டும்தான். ரெப்ளிகாவில் எழுதியது அங்கேயே கிடக்கும். அடுத்த முழு ஒத்திசைவில் அழிந்துவிடும். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அந்த நேரத்தில் "கூடைதானே, செஷன்தானே, போனால் போகட்டும், ஆர்டர் எல்லாம் போஸ்ட்கிரஸில் பத்திரமாக இருக்கிறது" என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கணக்கில் டெலிவரி ஸ்லாட் எண்ணிக்கையை மறந்துவிட்டேன்.

ஒரு பகுதிக்குக் காலை 6 முதல் 7 வரை 60 ஆர்டர்தான் எடுப்போம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ரெடிஸில் ஒரு `INCR`; 60 வந்ததும் ஸ்லாட் மூடும். நான் கட்டளை போட்டபோது இரண்டு நோடிலும் எண்ணிக்கை 31. அடுத்த 26 நிமிடத்தில் ரெப்ளிகாவில் அது 60 ஆகி ஸ்லாட் மூடியது. மாஸ்டரில் அப்போதும் 31தான். 11:36க்கு எல்லா சர்வீஸ்களையும் புது மாஸ்டருக்குத் திருப்பினோம். அது 31 என்று சொல்ல, மூடிய ஸ்லாட் மீண்டும் திறந்து இன்னும் 29 ஆர்டர்களை வாங்கிக்கொண்டது. காலையில் அந்தப் பகுதிப் பையன்கள் கையில் 60க்குப் பதில் 89 ஆர்டர். மற்ற பகுதிகளிலும் இதே மாதிரி, கொஞ்சம் கூடக் குறைய. எட்டரை வரை வண்டி ஓட்டி, வாசலில் நின்று திட்டு வாங்கியது அவர்கள்தான்.

சரி, வேறு என்ன செய்திருக்க முடியும்? `SENTINEL FAILOVER mymaster` என்று கொடுத்திருந்தால், எங்களிடம் இரண்டே டேட்டா நோடுகள் இருந்ததால், பழைய நோடே மறுபடி மாஸ்டராகியிருக்கும். அப்ளிகேஷனின் முகவரி தானாகச் சரியாகியிருக்கும், எழுதியது எதுவும் தொலைந்திருக்காது. சில நொடி வேலை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்: பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் உறைந்த மெஷின் அது, ஏன் உறைந்தது என்று தெரியாமல் அதை மறுபடி மாஸ்டராக்குவதா? நியாயமான காரணம்தான். ஆனால் உண்மையில் அன்று நான் அப்படி எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டளை என் நினைவுக்கே வரவில்லை. காரணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது தவறைப் பற்றி அலுவலக அறிக்கையில் ஒரு வரிதான் எழுதினேன். 11:36க்குப் பிறகும் ரெப்ளிகாவில் அந்த 60 இருந்தது. இரண்டு நோடிலும் ஸ்லாட் கீகளை எடுத்து ஒப்பிட்டிருந்தால் இரவோடு இரவாகச் சரிசெய்திருக்கலாம். நான் அதைச் சுத்தமாக்குகிறேன் என்று ரெடிஸை ரீஸ்டார்ட் செய்தேன். டிஸ்கில் சேமிப்பு வைக்காத நோடு. காலியாக எழுந்து மாஸ்டரிடமிருந்து முழு நகல் எடுத்துக்கொண்டது. `MASTER <-> REPLICA sync: Flushing old data` என்ற வரியை நானே பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகிறது என்ற நிம்மதியோடு. `CONFIG SET replica-read-only yes` என்று திருப்பி வைத்திருந்தாலே போதும்.

இப்போது சர்வீஸ்கள் சென்டினலிடம் கேட்டுத்தான் இணைகின்றன.

```python
from redis.sentinel import Sentinel

s = Sentinel([("10.0.4.21", 26379),
              ("10.0.4.22", 26379),
              ("10.0.4.23", 26379)])
r = s.master_for("mymaster")
```

இப்படி இணைத்தால், `READONLY` வந்ததும் லைப்ரரி அந்த இணைப்பை அறுத்துவிட்டு ஒரு இணைப்புப் பிழையை எழுப்பும். மறுமுயற்சியில் மாஸ்டர் யார் என்று திரும்பக் கேட்கும். மறுமுயற்சிக்குப் பயப்பட வேண்டியதில்லை. `READONLY` வந்தால் அந்த `INCR` நடக்கவில்லை என்பது உறுதி, இரண்டு முறை கூடிவிடாது. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: அந்த எரர் பதினொரு நிமிடமும் எங்களிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "எழுதவில்லை" என்று அது சொன்னதை, நான் "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்ல வைத்தேன்.

இருந்தாலும், கடை மொத்தமும் இன்னும் 26 நிமிடம் மூடிக் கிடந்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்டால், பரவாயில்லை என்று முழுமனதோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் ஆர்டர் போட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் காலையில் பால் போய்ச் சேர்ந்தது, தாமதமாகவாவது.

மறுநாள் மதியம் அந்தப் பெண்ணிடம், "நீ கேட்டது சரியான கேள்விதான்" என்றேன். "பரவாயில்லண்ணா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார். தெரியும் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை.