முத்திரையில் தெரிந்தது 'ராட்சி' மட்டும்

போன மாதம் ஒரு பழைய பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கு வந்தது. அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கிற ஒரு தம்பியுடையது, 1986-இல் பிறந்தவர். ஊரில் இருக்கும் அவருடைய அம்மா பீரோவிலிருந்து எடுத்து, ஃபோனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, அவர் அதை எனக்கு அனுப்பியிருந்தார். லேமினேட் செய்த தாள், அதன் குறுக்கே ட்யூப்லைட் வெளிச்சம் ஒரு பட்டை மாதிரி விழுந்திருந்தது. தலைப்பும் புலங்களின் பெயர்களும் அச்சு, மற்றதெல்லாம் பேனாவில் எழுதியது. கீழே வலது பக்கம் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, அதன் ஒரு பாதி கையெழுத்தின் மேல், இன்னொரு பாதி பதிவு எண்ணின் மேல்.

முதல் வேலை மொழிபெயர்ப்பு இல்லை, நல்ல படம் வாங்குவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும், பேனா எழுத்தின் ஓரங்கள் கரைந்துவிடும். அதனால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் தாளைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் போடாமல் எடுத்து, டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொன்னேன். முழுத் தாளுக்கு ஒன்று, முத்திரையை நெருக்கமாக ஒன்று. இரண்டாவது நாள் வந்த படத்தில் பட்டை வெளிச்சம் போயிருந்தது, முத்திரைதான் இன்னும் மங்கலாக இருந்தது.

அமைப்பை அப்படியே வைப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, இதில் நாலாவது வரி அதில் நாலாவது வரியா என்றுதான் பார்ப்பார். அதனால் கோடு தெரியாத அட்டவணை ஒன்று போட்டு, மூலத்தில் இருக்கிற வரிசை எண்ணோடு ஒரு புலத்துக்கு ஒரு வரி என்று வைப்பேன். காலியாக இருக்கும் புலத்தையும் விடுவதில்லை, அங்கே காலி என்று அடைப்புக்குள் எழுதுவேன். மூலத்தில் சிறு கோடு போட்டிருந்தால் கோடுதான். இந்தச் சான்றிதழில் 'குறிப்பு' என்ற கடைசிப் புலம் காலி, அதுவும் ஒரு வரியாக வந்தது. பிறந்த தேதி 03-07 என்று இருந்தது. அமெரிக்காவில் அதை மார்ச் 7 என்று படித்துவிடுவார்கள், அதனால் மாதத்தை எழுத்தில் போட்டேன்.

பெயர்களில் வேறு விதமான சிக்கல். தமிழில் K, G என்ற இரண்டு ஒலிகளுக்கும் க என்ற ஒரே எழுத்துதான். தந்தையின் பெயர் 'க' என்று தொடங்கினால், பையனின் இனிஷியலை ஆங்கிலத்தில் K என்று போடுவதா G என்று போடுவதா என்பது சான்றிதழைப் பார்த்துத் தெரியாது. இதற்கு பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலைக் கேட்டு வாங்கி அதையே போடுகிறேன், தமிழ் எழுத்து இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் அது தப்பில்லை. ஆனால் அம்மாவின் பெயர் சான்றிதழில் வீட்டில் கூப்பிடுகிற சுருக்கப் பெயராக இருந்தது, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர். தம்பி முழுப் பெயரையே போடச் சொன்னார். அது முடியாது, அங்கே எழுத்தே வேறு. தாளில் இருப்பதைத்தான் போட முடியும், இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிப்பது அவர் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் வைத்துச் செய்ய வேண்டியது.

அப்புறம் முத்திரை. நெருக்கமான படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வட்டத்தின் மேல்பாதியில் 'ராட்சி' என்று மூன்று எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் கையெழுத்தின் கோடு ஓடியிருந்தது, அதற்கும் முன்னால் மை படியவே இல்லை. "அக்கா, அது நகராட்சிதான், எங்க ஊர் எனக்குத் தெரியாதா?" என்றார் தம்பி. ஊர் இன்றைக்கு நகராட்சிதான், அதில் அவர் சொன்னது சரி. ஆனால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, நாலுமே 'ராட்சி' என்றுதான் முடியும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல், தனித்தனி அலுவலகம். பேரூராட்சிகள் நாளடைவில் நகராட்சியாக உயர்த்தப்படுவது தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பது. சான்றிதழ் கொடுத்தது 1994-இல். இன்றைய ஊரின் நிலையை வைத்து அன்றைய முத்திரையை நிரப்பினால், நான் படிக்காத ஒன்றைப் படித்ததாகச் சொன்னதாகிவிடும். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று கீழே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்தானே.

தலைப்பில் அச்சில் 'பேரூராட்சி' என்று இருந்ததை வைத்து முத்திரையை நிரப்பலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் முத்திரை தலைப்போடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பவர் சோதிக்கலாம். தலைப்பைப் பார்த்து முத்திரையை நிரப்பிவிட்டால் அந்தச் சோதனைக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

பதிவு எண்ணில் நடு இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, முத்திரையின் விளிம்பு சரியாக அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. படத் திருத்தியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்க்கலாம். நீலச் சேனலில் ஊதா மை வெளுத்துப் போகும், கறுப்பு மையில் எழுதியது மட்டும் கறுப்பாகவே நிற்கும். முத்திரையைப் படிக்க வேண்டுமானால் இதற்கு நேர்மாறாக, சிவப்பு அல்லது பச்சைச் சேனலுக்குப் போக வேண்டும். இந்தத் தாளில் எண்ணை நீலப் பேனாவில் எழுதியிருந்தார்கள், அதனால் முத்திரையும் எண்ணும் சேர்ந்தே வெளுத்தன, பயன் இல்லை. கீழே இருந்த செவ்வக முத்திரைக்கு மட்டும் பச்சைச் சேனல் கைகொடுத்தது, 'பிறப்பு இறப்பு பதிவாளர்' என்று முழுசாகப் படித்துவிட்டேன்.

தெரியாத இரண்டு இடங்களையும் முதல் வரைவில் இப்படிக் குறித்தேன், அதுவும் மூலத்தில் இருக்கிற அதே இடத்தில்:

```
4. Registration No.: 1[3 or 8]7/86
   [middle digit covered by seal]

[Round seal, violet, partly legible:
 "...ராட்சி" (...ratchi)]
[Signature, illegible]
```

அடைப்புக்குள் இருப்பது என் சொல், வெளியே இருப்பது தாளின் சொல். அந்தக் கோட்டை நான் தாண்டுவதே இல்லை. வெறுமனே 'படிக்க முடியவில்லை' என்று போட்டால் எத்தனை எழுத்து, எங்கே, எதனால் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டு இலக்கத்தில் ஒன்று என்று சொன்னால், அந்த அலுவலகத்துக்கே எழுதிச் சரிபார்க்க நினைப்பவருக்கு இரண்டே எண்தான் தேட வேண்டியிருக்கும்.

தம்பிக்கு முதலில் வருத்தம்தான், இத்தனை அடைப்புக்குறி இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயம். அவருடைய அம்மாவிடம் நேராகவே பேசினேன். தாளை ஜன்னலுக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், லேமினேஷன் பளபளப்பு விலகினால் சில சமயம் மை தெரியும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு கொம்பு மாதிரி சுழி இருக்கும்மா, அப்புறம் ப மாதிரி" என்றார். அந்தக் கோணத்திலேயே பிடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். வந்த படத்தில் 'பேரூ' என்பது மங்கலாக, ஆனால் சந்தேகம் இல்லாமல் இருந்தது.

முத்திரை வரியைத் திருத்தினேன். நடு இலக்கம் அந்தப் படத்திலும் பிடிபடவில்லை, அந்த அடைப்பு மட்டும் அப்படியே போனது. அதே அலுவலகத்தில் புதுப் பிரதி கேட்டு மனு போடச் சொல்லியிருக்கிறேன், அம்மா அடுத்த வாரம் போகிறார்.