எருமைக்கன்று போட்டோவ கறுப்புல வெள்ளைக் கோடா கீறி எடுத்த கதை, அடுத்த பேட்ச்சுக்கு

எங்களுக்கு கடைசி வருஷம் போர்ட்போலியோவுல ஒரு வேலை வரும், நீங்களே எடுத்த மிருக போட்டோ ஒண்ட வச்சு ஸ்க்ராட்ச்போர்ட் மாதிரி கறுப்புல வெள்ளைக் கோட்டுப் படம் செய்யணும், A4 அளவு, பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். நான் ரெண்டு தரம் பிழையாச் செஞ்சு மூணாந்தரம் சரியாக்கினன், அதால எங்க பிழைச்சது எண்டு சொல்லிட்டாப் போதும் எண்டு நினைக்கன்.

ஸ்க்ராட்ச்போர்ட் எண்டா வெள்ளைக் களிமண் பூசின அட்டைக்கு மேல கறுப்பு மை, கூரான ஊசியால கீறினா அடியில கிடக்கிற வெள்ளை தெரியும். அதுக்கு முன்னமே மரக்கட்டையில இந்த வெள்ளைக்கோட்டு முறையப் பேர் எடுக்க வச்ச ஆள் தோமஸ் பெவிக் எண்ட இங்கிலாந்துக்காரர், 1753ல பிறந்தவர். ரெண்டுலயும் விஷயம் ஒண்டுதான், நீங்க கீறுறது மிருகத்த இல்ல, மிருகத்துல விழுற வெளிச்சத்த. இது விளங்காமத்தான் நான் முதல்தரம் போட்டோவுக்கு எட்ஜ் பில்டர் போட்டு நிறத்த திருப்பிவிட்டன், பாக்க கோட்டுப் படம் மாதிரித்தான் இருந்திச்சு, ஆனா கன்றுட கண்மணி வெள்ளையா, அதுக்குள்ள மினுங்கல் கறுப்பா! மிஸ் ஒரு பார்வைதான் பாத்தா, "இது நெகட்டிவ் மகள், கண்ணப் பாரு" எண்டா. நீங்களும் செஞ்சு முடிச்சதும் முதல்ல கண்ணத்தான் பாக்கணும்.

போட்டோவுக்கு கிரான் பக்கம் மாமாட பட்டிக்குப் போனன். உச்சி வெயில்ல எடுத்த படம் ஒண்டும் உதவல, முதுகு மட்டும் மினுங்கும், முகம் முழுக்க ஒரே கறுப்பு. மறுகா விடிய ஆறரைக்குப் போய் சூரியன் ஒரு பக்கத்தால சரிஞ்சு விழுறப்ப எடுத்தன், ஒரு கன்னத்துல வெளிச்சம், மற்றக் கன்னம் இருட்டு, காதுக்குள்ள இருக்கிற நீட்டு மயிர் ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரிஞ்சிச்சு. இந்த ஒரு படத்துலதான் முழு வேலையும்.

நான் பாவிச்சது GIMP, இலவசம். படத்த 2480 க்கு 3508 பிக்ஸல் ஆக்கினன், அதுதான் A4க்கு 300 ppi. கறுப்பு வெள்ளையாக்கி, Gaussian Blur கொஞ்சம் போட்டு, Colors > Posterize குடுத்து நாலு படியா உடைச்சன். ப்ளர் போடாம உடைச்சா மயிரெல்லாம் பொட்டுப் பொட்டாச் சிதறும், எந்த இடம் எந்தப் படி எண்டு பிடிக்க ஏலாது. இது வழிகாட்டிக்கு மட்டும், அடியில கிடக்கட்டும், உடைக்காத போட்டோவையும் பக்கத்துல ஒரு லேயரா வச்சிருங்க, மயிர் போற திசைய அதுலதான் பாக்கணும். இதுக்கு மேல கறுப்பு லேயர் ஒண்டு, ஒபாசிட்டி 70 அளவுல. அதுக்கும் மேல முழு வெள்ளை லேயர், அதுக்கு கறுப்பு மாஸ்க். இனி மாஸ்க்ல வெள்ளையால கீறினா கோடு தெரியும், பிழைச்சா X அழுத்தி கறுப்பால மூடலாம், அட்டையில மை பூசித் திருத்துற மாதிரியேதான். எவ்வளவு கீறியும் ஒண்டும் வரல்லையா, மாஸ்க்க விட்டுட்டு லேயர்ல கீறிட்டு இருக்கீங்க, வெள்ளைக்கு மேல வெள்ளை எப்பிடித் தெரியும், நான் அரை மணித்தியாலம் அப்பிடி இருந்தனான்.

டேப்லட் இருந்தா Pressure Size வச்சுக் கீறுங்க. மவுஸ் மட்டும் இருக்கிறவங்களும் Pressure Size ஐ வச்சுட்டு பாத் போட்டு, Stroke Path ல paint tool ஐத் தெரிவு செஞ்சு Emulate brush dynamics ஐ டிக் பண்ணினா ரெண்டு நுனியும் கூராகும். கூர் நுனி இல்லாட்டி மயிர் மயிரா இருக்காது, இடியப்பம் மாதிரி இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். வெள்ளைக் கோட்டுல சாம்பல் நிறம் எண்டு ஒண்டு இல்ல, கோட்டுத் தடிப்புதான் சாம்பல். கன்றுட நெத்திய எடுத்துப் பாருங்க. கோட்டுக்குக் கோடு 12 பிக்ஸல் தூரம் எண்டு வச்சன், அத மாத்தல. நாலு படியில ஆக இருட்டுல ஒரு கோடும் இல்ல, அப்பிடியே கறுப்பு. அடுத்ததுல கோடு 3 பிக்ஸல், அதுக்கு அடுத்ததுல 6, வெளிச்சம் நேர விழுற இடத்துல 9. அந்த 9ல பாத்தீங்க எண்டா பாதிக்கு மேல வெள்ளையாகி, இடையில மிஞ்சிற கறுப்புத்தான் மயிர் மாதிரித் தெரியும். ஒரே கோடு இருட்டுல இருந்து வெளிச்சத்துக்குள்ள போறப்ப மெல்ல மெல்லத் தடிக்கணும், படி மாறுற இடத்துல கோட்ட முறிச்சுட்டு புதுசாத் தொடங்கினா நெத்தியில வரப்புக் கட்டின மாதிரி ஆகிரும். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமாத்தான் கோடு, குறுக்கால கீறினா தோல் துணியாத் தெரியும். மூக்குக்கு மட்டும் கோடு வேணாம், ஈரமான தோல், சின்னச் சின்னப் புள்ளி போதும். கண்ண முழுக்கக் கறுப்பா விட்டுட்டு ஒரு மினுங்கல் வச்சாச் சரி.

ரெண்டாவது பிழை முதுகுல. எருமை கறுப்பு, பின்னணியும் கறுப்பு, இருட்டுப் பக்கத்து முதுகு எங்க முடியுது எண்டே தெரியல. நான் சுத்திவர வெள்ளையா ஒரு அவுட்லைன் இழுத்தன், கன்று கடதாசில வெட்டி ஒட்டின மாதிரி வந்திச்சு. அத அழிச்சுட்டு முதுகுக்குப் பின்னால வயல் புல்லு கொஞ்சம் மெல்லிசா, முதுகுல முட்டி நிக்கிற மாதிரிக் கீறினன். முதுகுல ஒரு கோடும் போடல, ஆனா வடிவம் தானா வந்திட்டு. கன்றுட வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால புல்லு தேவையே இல்ல, அங்க கறுப்ப விடுங்க. கால் ரெண்டும் கறுப்புக்குள்ள தொலைஞ்சிச்சு, அது நல்லாத்தான் இருக்கு, விட்டுட்டன்.

எல்லாம் முடிச்சு கறுப்பு லேயர 100 ஆக்கி, சந்தோஷமா டவுணுக்குக் கொண்டு போனன். கடையில இங்க்ஜெட், சாதாரண A4 தாள். வெளிய வந்த படத்துல காது மயிர் அரைவாசி இல்ல! சுத்தி நிக்கிற கறுப்பு மை தாள்ல ஊறி மெல்லிய வெள்ளைய மூடிட்டு, 3 பிக்ஸல் எண்டா கால் மில்லிமீட்டர்தானே. ஸ்கிரீன்ல சூம் பண்ணிப் பண்ணிக் கீறினதால அது மெல்லிசு எண்டே எனக்கு விளங்கல. கடைக்காரப் பொடியன் பாவம், மிஷினக் கழுவித் தாறன் எண்டான், மிஷின்ல என்ன பிழை.

மறுகா வீட்ட வந்து ஒரு கறுப்புப் பட்டி செஞ்சு, அதுல 2ல இருந்து 8 பிக்ஸல் வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டு அதே கடையில அதே தாள்ல ஒரு பிரிண்ட் எடுத்தன். 5க்குக் கீழ ஒண்டும் நம்பத் தெரியல. அதால தூரத்த 16 ஆக்கி, கோட்ட 5, 8, 12 எண்டு மாத்தி நெத்தியையும் காதையும் புதுசாக் கீறினன், மூணு ராத்திரி போயிட்டு. நீங்க இந்தப் பட்டி பிரிண்ட்ட முதல் நாளே எடுத்துருங்க, தாள் மாறினா இலக்கமும் மாறும், ஆட் பேப்பர்ல மை இவ்வளவு ஊறாது.

இன்னொண்டு, படத்த வாட்ஸ்அப்புல போடச் சின்னதாக்கினா பக்கத்துப் பக்கத்துக் கோடெல்லாம் கலந்து நெத்தியில அலை அலையா ஒரு கோலம் வரும், பிரிண்ட்ல அது இல்ல, பயப்படாதீங்க. நான் முழுப் படத்தையும் அனுப்பல, கண்ணும் காதும் உள்ள துண்ட மட்டும் சின்னதாக்காம வெட்டித்தான் மாமாக்கு அனுப்பினன். "இது சுட்டிட கன்று" எண்டு உடன பதில் வந்திச்சு.